முதல் நாளே வேலை செய்த பொடி

மூலிகைப் பொடி என்று ஒருவர் கொடுத்ததைச் சாப்பிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் விறைப்புக் கோளாறு சரியாகிவிட்டால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் அந்தப் பொடியைச் சந்தேகப்பட வேண்டும். பலனே தராத போலி மருந்தால் பணம்தான் போகும். உடனே பலன் தருகிற போலி மருந்தால் உயிருக்கே ஆபத்து வரலாம். பாலக்கோடு பக்கம் மருந்துக் கடை வைத்திருக்கிற ஃபார்மசிஸ்ட் நான். இதைப் பற்றி விவரமாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கடைக்கு வந்துபோகும் ஒருவருக்கு நடந்ததை, அவருடைய சம்மதத்தோடு, ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

அவருக்கு 44 வயது. தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு போகிற லாரி டிரைவர். ராத்திரி முழுக்க வண்டி, பகலில் தூக்கம், வழியில் பரோட்டா, டீ. ஒரு வருடமாகவே விறைப்பு சரியாக வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை. மனைவியிடம் பேசக் கூச்சம், நண்பர்களிடம் சொன்னால் கேவலம் என்ற பயம். தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ் அவர் கண்ணில் பட்டது. ஆண்மைக்குறைவு, நரம்புத் தளர்ச்சி, விந்து முந்துதல் எல்லாவற்றுக்கும் 48 நாளில் நிரந்தரத் தீர்வு, பரம்பரை வைத்தியர், மாதம் ஒருமுறை கிருஷ்ணகிரியில் முகாம், ஆலோசனை இலவசம், ரகசியம் காக்கப்படும் என்று போட்டிருந்தது.

சுவரில் இருந்த அந்தக் காகிதமே சட்டப்படி குற்றம். மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் பற்றிய ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்களைத் தடுக்க 1954-இல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் மூன்றாவது பிரிவு, பாலுறவுத் திறனைக் காக்கும் அல்லது கூட்டும் என்று எந்த மருந்தையும் விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. ஆங்கில மருந்தாக இருந்தாலும் சரி, சித்த மருந்தாக இருந்தாலும் சரி. ஆண்மைக்குறைவைக் குணப்படுத்துவதாகச் சொல்வதும் இதே தடைக்குள்தான் வருகிறது. நோட்டீஸ், சுவர் விளம்பரம், மருந்து டப்பாவின் மேல் உள்ள லேபிள் எல்லாமே விளம்பரம்தான். எழுபது வருடமாக இருக்கிற சட்டம் இது. ஆகவே ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அது உண்மையா பொய்யா என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. இந்த விஷயத்துக்கு மருந்து தருகிறேன் என்று சுவரில் எழுதியவர், உங்களைப் பார்ப்பதற்கு முன்னாலேயே ஒரு சட்டத்தை மீறிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த முகாம் ஒரு லாட்ஜ் அறையில் நடந்தது. வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்தார். பிறகு ஒரு கண்ணாடிக் குழாயில் சிறுநீர் பிடித்துவரச் சொன்னார். அது கலங்கலாக இருந்தது. அதை வெளிச்சத்தில் காட்டி, "பார்த்தியா தம்பி, தாது கலந்து போகுது. இப்படியே விட்டா இன்னும் ஒரு வருஷத்துல ஒண்ணுமே மிஞ்சாது" என்றாராம். விந்து சிறுநீரில் கலந்து வீணாகிறது என்று அர்த்தம். இந்தக் கண்ணாடிக் குழாய் வித்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படித்தவர்களும் இதில் விழுகிறார்கள். சாப்பிட்ட பிறகு சிறுநீரின் அமிலத்தன்மை குறையும். அப்போது அதில் கரைந்திருக்கும் பாஸ்பேட் உப்பு வெள்ளையாகத் திரண்டு கலங்கலாகத் தெரியும். நல்ல ஆரோக்கியமான ஆளுக்கும் இது நடக்கும். அந்தக் குழாயில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் உப்புக் கரைந்து தெளிந்துவிடும். சிறுநீர்க் கிருமித் தொற்று இருந்தாலும் கலங்கலாக இருக்கலாம். அது லேப் பரிசோதனையில் தெரியுமே ஒழிய, குழாயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் யாருக்கும் தெரியாது.

மூன்று மாதக் கோர்ஸுக்கு 24,000 ரூபாய் என்று சொல்லி, முதல் தவணையாக 9,000 வாங்கிக்கொண்டார்கள். பெயரோ எண்ணோ இல்லாத பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு லேகியமும், காகிதத்தில் மடித்த பொடியும் கொடுத்தார்கள். லேகியம் தினமும் இரண்டு வேளை. பொடி மட்டும் தேவைப்படும் அன்று, ராத்திரி ஒரு மணி நேரம் முன்னால், பாலில் கலந்து. இந்தக் கடைசி வரியை மட்டும் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால்கூட எனக்கு விஷயம் புரிந்திருக்கும்.

அவர் என் கடைக்கு வந்தது தலைவலி மாத்திரைக்குத்தான்.

"அண்ணா, பாராசிட்டமால் ஒரு அட்டை குடுங்க."

"போன வாரம்தானே வாங்கினீங்க? ராத்திரி வண்டி ஓட்டறீங்க, கண்ணை ஒருமுறை காட்டிட்டு வாங்களேன்."

"கண்ணுல ஒண்ணும் இல்லண்ணா. ஒரு பொடி சாப்பிடறேன், அன்னிக்கு மட்டும்தான் தலை வலிக்குது. முகம் சூடாகுது, மூக்கும் அடைச்சுக்குது. லைட்டைப் பார்த்தா ஓரத்துல நீலமா தெரியுது."

முகம் சூடாகிச் சிவப்பது, தலைவலி, மூக்கடைப்பு, வெளிச்சத்தில் ஒரு நீலச் சாயல். இந்த நாலும் சேர்ந்து வந்தால் மருந்துக் கடைக்காரன் மனசில் ஒரே பெயர்தான் வரும்: சில்டெனாஃபில். 1998-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த, விறைப்புக் குறைபாட்டுக்கான ஆங்கில மாத்திரை. உடம்பில் உள்ள ஒரு நொதியைத் தடுத்து, ரத்தக்குழாயைத் தளரவைத்து ஆணுறுப்புக்குள் ரத்தம் தேங்கி நிற்க உதவுகிறது. முகத்திலும் மூக்கிலும் உள்ள குழாய்களும் அதோடு சேர்ந்து விரிவதால்தான் சிவப்பும் அடைப்பும். கண்ணின் விழித்திரையிலும் இதே மாதிரி ஒரு நொதி இருக்கிறது. மருந்தின் அளவு கூடும்போது அதையும் இது கொஞ்சம் தடுப்பதால் நீலம் தெரிகிறது. எந்த மூலிகையும் ஒரு மணி நேரத்தில் இந்த நாலையும் இந்த வரிசையில் செய்து நான் பார்த்ததில்லை. மூலிகை என்ற பெயரில் விற்கும் பொருட்களில் சில்டெனாஃபிலை ஒளித்துக் கலப்பது உலகம் முழுக்க நடக்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது.

"அந்த மாத்திரை நல்ல மாத்திரைதானே, பலன் கிடைத்தால் என்ன தப்பு?" என்று கேட்கலாம். நல்ல மாத்திரைதான். டாக்டர் சீட்டு இருந்தால் நானே கொடுப்பேன், விலை சில பத்து ரூபாய்தான். 25, 50, 100 மில்லிகிராம் என்று அளந்த அளவில் வருகிறது, ஆளைப் பார்த்து டாக்டர் அளவைத் தீர்மானிக்கிறார். பொடியில் அந்த அளவே கிடையாது. உரலிலோ மிக்ஸியிலோ போட்டுக் கலந்தது, ஒரு கரண்டியில் கொஞ்சம் இருக்கும், அடுத்த கரண்டியில் மூன்று மடங்கு இருக்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை நைட்ரேட் வகையைச் சேர்ந்தது. அதுவும் ரத்தக்குழாயை விரிக்கிறது. சில்டெனாஃபிலும் நைட்ரேட்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் திடீரென்று அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும், உயிரே போகக்கூடும். அதனால்தான் சில்டெனாஃபில் சாப்பிட்டவருக்கு 24 மணி நேரத்துக்குள் நைட்ரேட் கொடுப்பதில்லை. நெஞ்சுவலியோடு வருகிற ஆணிடம் டாக்டர்கள் இந்த மாத்திரை ஏதாவது சாப்பிட்டாயா என்று கேட்பதும் இதற்காகத்தான். பொடி சாப்பிட்டவர் மனசார "இல்லை சார்" என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. ஒரு மனிதனின் உயிரைக் காப்பாற்றக்கூடிய ஒரே பதிலை அவனிடமிருந்து திருடிவிட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்துப் பொடியின் வேகம் குறைந்தது. முகாமில் கேட்டதற்கு, "உடம்பு ரொம்பக் கெட்டுப்போயிருக்கு, தங்க பஸ்பம் சேர்த்துத் தரணும், இன்னும் 15,000 ஆகும்" என்றார்களாம். அதற்குப் பிறகுதான் அவர் நான் சொன்னதைக் கேட்டு தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனார். எங்கள் மாவட்டத்தில் 2008-இலிருந்து இருக்கிற கல்லூரி அது. ஓ.பி. சீட்டுக்குக் காசு கிடையாது என்பதும், அங்கே இதற்கெல்லாம் பார்ப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியவே இல்லை.

அங்கே என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல டாக்டர் என்றால் யார் என்பது இந்த ஒரு சந்திப்பிலேயே தெரிகிறது. டாக்டர் முதலில் கேட்டது ஆணுறுப்பைப் பற்றி இல்லை. ராத்திரி எத்தனை தடவை ஒண்ணுக்குப் போக எழுந்திருக்கிறீங்க, தாகம் அதிகமா இருக்கா, உள்ளங்கால் எரியுதா, வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க, பீடி சிகரெட் உண்டா என்று கேட்டார். அப்புறம்தான், காலையில் தூங்கி எழும்போது விறைப்பு இருக்கிறதா என்றார். இந்த ஒரு கேள்விக்கு நிறைய அர்த்தம் உண்டு. காலையில் தானாக விறைப்பு வந்து, மனைவியோடு இருக்கும்போது மட்டும் வராவிட்டால், ரத்தக்குழாயும் நரம்பும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கின்றன. பயமும் பதற்றமும்தான் காரணமாக இருக்கும். காலையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்திருந்தால் உடம்புக்குள் காரணம் தேட வேண்டும். நம் டிரைவருக்கு இரண்டாவது வகை.

ரத்த அழுத்தம் 150/96. வெறும் வயிற்றுச் சர்க்கரை 218. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 9.8. ஒரு வருடமாக அவரிடம் இருந்தது சர்க்கரை நோய். ஆண்மைக்குறைவு என்று அவர் நினைத்தது அதன் முதல் அறிகுறி. சர்க்கரை ரத்தக்குழாயின் உள்சுவரையும் நரம்பையும் ஒருசேர அரிக்கும். ஆணுறுப்புக்குப் போகும் தமனி ஒன்று இரண்டு மில்லிமீட்டர் அகலம்தான். இதயத்துக்குப் போவது மூன்று நான்கு மில்லிமீட்டர். ஒரே கெடுதல் இரண்டிலும் நடக்கும்போது சின்ன குழாய்தான் முதலில் அடைபடும். அதனால்தான் நாற்பது வயதுக்கு மேல் புதிதாக வரும் விறைப்புக் குறைபாட்டை இதய நோய்க்கு முன்னறிவிப்பாகவே டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நெஞ்சுவலி வருவதற்குச் சில வருடங்கள் முன்பே இது வந்துவிடுவதுண்டு. லாட்ஜ் அறையில் ஒரு விரல் குத்தி ரத்தச் சர்க்கரை பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அவர்கள் பார்க்கவில்லை. பொடி, நோயை மறைத்துக்கொண்டு பலனை மட்டும் காட்டியது.

இதில் ஒரு வருத்தமும் உண்டு. வீடு தேடி வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிற மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கியதே பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். இவர் வீட்டுக்கும் அந்தத் திட்டத்தின் தன்னார்வலர் அம்மா வந்திருக்கிறார்கள், மனைவிக்குப் பார்த்திருக்கிறார்கள். இவர் அப்போது ரோட்டில் இருந்திருக்கிறார். வீட்டில் இருந்திருந்தாலும் அந்த அம்மாவிடம் இந்த விஷயத்தைச் சொல்லியிருக்க மாட்டார், ஆனால் சொல்லாமலே சர்க்கரை தெரிந்திருக்கும்.

டாக்டர் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எழுதினார், பிரஷருக்கு ஒரு மாத்திரை எழுதினார், இ.சி.ஜி. எடுக்கச் சொன்னார், காலை வேளையில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அளவு பார்க்கச் சொன்னார். இரண்டு மாடி ஏறினால் நெஞ்சு இறுக்குதா என்று கேட்டு, இல்லை என்று தெரிந்து, ரிப்போர்ட்டுகளையும் பார்த்த பிறகுதான் சில்டெனாஃபில் 50 எழுதினார். அதே மருந்துதான்! ஆனால் அளவு தெரிந்து, இதயம் பார்த்து, பெயர் எழுதிக் கொடுத்தது. பழைய மாதிரி ஆகிவிடுமா என்று இவர் கேட்டதற்கு, "சர்க்கரை கட்டுக்குள்ள வந்தா நல்லாவே முன்னேற்றம் இருக்கும். முழுசா பழைய மாதிரி வரும்னு என்னால சொல்ல முடியாது" என்றாராம். அரை வருடத்தில் எச்.பி.ஏ.1.சி. 7.1-க்கு வந்தது. சில நாள் மாத்திரை இல்லாமலே சரியாக இருக்கிறது, சில நாள் மாத்திரை தேவைப்படுகிறது.

இனி, டாக்டரை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பதற்கு வருகிறேன். என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது பதிவு எண்ணைப் பற்றித்தான். 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின்படி எம்.பி.பி.எஸ். டாக்டர் தன் பதிவு எண்ணைக் கிளினிக்கிலும், மருந்துச் சீட்டிலும், பணம் வாங்கிய ரசீதிலும் போட வேண்டும். சீட்டை வாங்கிப் பாருங்கள், எண் இல்லையென்றால் கேளுங்கள். nmc.org.in என்ற தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்தில் Indian Medical Register என்ற பகுதியில் பெயரையோ எண்ணையோ போட்டுத் தேடலாம். தேடும்போது எண் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். அந்த எண்ணுக்கு உரிய பெயரும் தகப்பனார் பெயரும் படித்த பட்டமும் உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். வேறொரு டாக்டரின் எண்ணைப் போர்டில் எழுதிக்கொள்கிற ஆட்களும் உண்டு.

பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்துகளும் முக்கியம். "செக்ஸ் ஸ்பெஷலிஸ்ட்" என்று யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம், ஆனால் மருத்துவ ஆணையம் அங்கீகரித்த எம்.டி. செக்ஸாலஜி என்றொரு படிப்பு கிடையாது. இந்தக் கோளாறுகளைப் படித்துத் தெரிந்துகொண்டு பார்ப்பவர்கள் யூராலஜி என்ற சிறுநீரியல் நிபுணர்கள், மனநல மருத்துவர்கள், தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவர்கள், சர்க்கரை இருந்தால் பொது மருத்துவர்கள். யாரைப் பார்ப்பது என்று குழம்ப வேண்டாம், பொது மருத்துவரிடம் ஆரம்பித்தால் போதும், அவரே தேவையான இடத்துக்கு அனுப்புவார். ஆர்.எம்.பி., மாற்று மருத்துவத்தில் எம்.டி., வெளிநாட்டு டாக்டர் பட்டம் என்றெல்லாம் நீண்டுகொண்டே போய், எம்.பி.பி.எஸ். என்ற நாலு எழுத்தோ சித்த மருத்துவப் பட்டமான பி.எஸ்.எம்.எஸ். என்ற நாலு எழுத்தோ எங்கேயும் கண்ணில் படாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. ஐந்தரை வருடம் பி.எஸ்.எம்.எஸ். படித்துத் தமிழ்நாடு சித்த மருத்துவ மன்றத்தில் பதிவு செய்தவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள். அவர்கள் தரும் மருந்தில் தயாரிப்பு உரிமம் எண், பேட்ச் எண், சேர்மானம், காலாவதித் தேதி எல்லாம் அச்சடித்திருக்கும். பரம்பரை வைத்தியம் என்பது அந்தப் பதிவுக்கு ஈடாகாது. படிப்பும் பதிவும் இல்லாமல் பரம்பரையை மட்டும் காட்டி வைத்தியம் பார்க்க முடியாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் கேரள வைத்தியர்கள் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

எண்ணும் பட்டமும் சரியாக இருந்தாலும் இன்னொன்றைப் பாருங்கள். உண்மையான டாக்டர் சீட்டு எழுதிக் கொடுப்பார், அதை எந்த ஊர் மருந்துக் கடையிலும் வாங்கலாம். தன்னிடம் மட்டுமே கிடைக்கிற, பெயர் சொல்லாத, சேர்மானம் தெரியாத மருந்தைக் கோர்ஸ் கணக்கில் முன்பணம் வாங்கிக்கொண்டு விற்பவரிடம், அவர் எவ்வளவு படித்திருந்தாலும், எனக்கு நம்பிக்கை வராது.

ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்க்கிற இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்களும் இந்த நோட்டீஸ்களில் விழுகிறார்கள். இப்போது சுவரைவிட ஃபோனில்தான் அதிகம். அசதி, முதுகுவலி, ஞாபகமறதி, கன்னம் ஒட்டிப்போதல் என்று விளம்பரம் அடுக்குகிற அறிகுறிகள், நைட் ஷிஃப்ட் பார்த்து மெஸ் சாப்பாடு சாப்பிடுகிற எந்தப் பையனுக்கும் இருக்கும். அவர்களில் பெரும்பாலோருக்கு நோயே இல்லை. தூக்கத்தில் விந்து வெளியேறுவது அந்த வயதில் இயல்பு. கைப்பழக்கத்தால் நரம்பு தளராது. எத்தனையோ சொட்டு ரத்தம் சேர்ந்து ஒரு சொட்டு விந்து ஆகிறது என்பது உண்மையில்லை. விந்தில் பெரும்பகுதி உடம்பு அன்றாடம் சுரக்கிற திரவம், விந்தணுவின் பங்கு அதில் மிகக் கொஞ்சம். இந்த பயத்தையே மனநல மருத்துவத்தில் ஒரு கோளாறாக வகைப்படுத்தி, 1960-இல் டாக்டர் நரேந்திரநாத் விக் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். அதற்கு மருந்து பெரும்பாலும் ஒரு நல்ல டாக்டரின் பொறுமையான விளக்கம்தான். வெளியே போகக் கூச்சமாக இருந்தால் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கு ஃபோன் செய்து பெயர் சொல்லாமல் பேசலாம், மனசு ரொம்ப உடைந்திருந்தால் 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது.

கல்யாணமாகிக் குழந்தைக்காகக் காத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சில இடங்களில் "பவர் ஊசி" என்று டெஸ்டோஸ்டிரோன் போடுகிறார்கள். வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வந்தால் மூளை விரைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திக்கொள்ளும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும். ஆசை கூடியிருக்கும், குழந்தைக்கான வாய்ப்பு குறைந்திருக்கும். மருந்தின் பெயர் கேட்காமல் ஊசிக்குக் கையை நீட்டாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் மீதிப் பொடியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அதே டப்பாவோடு, காகிதத்தோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள். நோட்டீஸை ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ஆன்லைனில் பணம் அனுப்பியிருந்தால் அந்த ரசீதை எடுத்து வையுங்கள். பதிவில்லாமல் வைத்தியம் பார்ப்பவர் மீது மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநரிடம் புகார் கொடுக்கலாம். எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் போலி டாக்டர்களைப் பிடிக்கப் போலீசோடு போவது அந்த அலுவலகம்தான். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கவேண்டியது மருந்து ஆய்வாளரின் வேலை, அவரிடம் தனியாக ஒரு மனு எழுதுங்கள். தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019-இன் 34-ஆவது பிரிவுப்படி, பதிவில்லாமல் ஆங்கில மருத்துவம் பார்ப்பவருக்கு ஒரு வருடம் வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். அன்றாடம் சாப்பிடுகிற வேறு மாத்திரைகள் ஏதாவது இருந்தால், அந்தக் கவரையும் எடுத்துக்கொண்டு முதலில் ஒரு டாக்டரிடம் போய், இந்தப் பொடியைச் சாப்பிட்டேன், இன்ன தேதி வரை சாப்பிட்டேன் என்று சொல்லிவிடுங்கள். புகாரை அதற்குப் பிறகு எழுதலாம்.